இரண்டு காதுகளின் கதை: டூம் முதல் தீஃப் வரை

1993 டிசம்பரில் வெளிவந்த டூம் ஆட்டத்தில் காது இரண்டு இருக்கிறது. ஒன்று ஆடுபவருடையது. மற்றொன்று அரக்கர்களுடையது. இரண்டும் ஒரே வீட்டுக்குள்தான் இருக்கின்றன, ஆனால் இரண்டுக்கும் உலகம் வேறு. ஆடுபவரின் காதுக்குத் தூரம் தெரியும், சுவர் தெரியாது. அரக்கனின் காதுக்குச் சுவர் தெரியும், தூரம் தெரியாது. அந்த ஆட்டத்தின் மூலநிரலை 1997 டிசம்பரில் பொதுவில் வெளியிட்டார்கள், அதனால் இதை யாரும் திறந்து பார்த்துக்கொள்ளலாம். முப்பரிமாண ஒலியின் வரலாறு என்று எழுதுகிறவர்கள் பொதுவாகச் சவுண்ட் கார்டில் தொடங்குவார்கள். எனக்கு இந்த இரண்டு காதுகளும் எப்போது ஒன்றாயின என்ற கேள்விதான் சுவாரசியமாகப் படுகிறது.

முதலில் ஆடுபவரின் காது. `s_sound.c` என்ற கோப்பில் இரண்டு எண்கள் இருக்கின்றன: 160, 1200. ஒலி எழும் இடம் 160 அலகுக்குள் இருந்தால் முழுச் சத்தம். 1200-ஐத் தாண்டினால் ஒன்றும் கேட்காது. டூமில் நாயகனின் உயரம் 56 அலகு. அப்படியானால் தன் உயரத்தைப் போல இருபத்தொரு மடங்குக்குச் சற்று அதிகமான தூரம் வரை அவனுக்குக் காது கேட்கும். இடையில் கணக்கு இதுதான்:

```c
*vol = (snd_SfxVolume
        * ((S_CLIPPING_DIST - approx_dist)>>FRACBITS))
       / S_ATTENUATOR;
```

`S_ATTENUATOR` என்பது 1200-லிருந்து 160-ஐக் கழித்த 1040. ஆக இது ஒரு நேர்கோடு. 680 அலகு தள்ளி ஒரு அரக்கன் உறுமினால் (1200 − 680) / 1040, சரியாகப் பாதி. இயற்கையில் இப்படி இல்லை. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஒலியழுத்தம் பாதியாகும், அதாவது 6 டெசிபல் குறையும். 160-ல் முழுச் சத்தம் என்று வைத்துக்கொண்டு அந்த விதிப்படி போட்டால் 680-ல் கால் பங்குகூட மிஞ்சாது. டூம் அங்கே பாதியைத் தருகிறது. 1100-க்குப் போனால் நிலைமை தலைகீழ். இயற்கை விதி ஏழில் ஒரு பங்கைத் தரும், டூம் பத்தில் ஒரு பங்கைத்தான் தருகிறது. நடுத்தூரத்தில் இருப்பதெல்லாம் நன்றாகக் கேட்க வேண்டும், தொலைவில் இருப்பது சட்டென்று ஒழிந்துபோக வேண்டும் என்ற ஏற்பாடு இது. ஒரே நேரத்தில் சில ஒலிகளை மட்டுமே கலக்க முடிந்த காலம் என்பதால், கேட்காத ஒலியைச் சீக்கிரம் கழற்றிவிடுவது லாபம்.

தூரத்தையே அவர்கள் தோராயமாகத்தான் எடுத்தார்கள். வர்க்கமூலம் போட நேரமாகும். அதனால் கிழக்கு-மேற்கு வித்தியாசத்தையும் வடக்கு-தெற்கு வித்தியாசத்தையும் கூட்டி, அவற்றில் சிறியதன் பாதியைக் கழித்துவிடுவார்கள். 300-ம் 400-ம் என்றால் பிதாகரஸ் 500 என்பார். டூம் 550 என்கிறது. பத்து சதவீதப் பிழை, யார் காதுக்கும் தெரியாது. உயர வித்தியாசத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. தலைக்கு நேர்மேலே, மாடியில் நிற்பவனின் சத்தம் பக்கத்தில் நிற்பவனின் சத்தம்தான்.

இங்கே ஒரு வேடிக்கை. அத்தியாயத்தின் எட்டாவது வரைபடத்துக்கு மட்டும் விதிவிலக்கு போட்டு வச்சிருக்காங்க. அங்கே 1200-ஐத் தாண்டினாலும் ஒலி அடியோடு மறையாது, ஒரு சிறு அளவு மிஞ்சும். தலைமை அரக்கன் வாழும் இடம் அது. அவன் எவ்வளவு தள்ளி இருந்தாலும் வயிற்றைக் கலக்க வேண்டுமல்லவா!

இந்தக் கணக்கு முழுவதிலும் சுவர் என்ற சொல்லே கிடையாது. கதவு மூடியிருந்தாலும், நடுவே பெரிய கல்சுவர் நின்றாலும், 300 அலகு தள்ளி உறுமுகிறவன் 300 அலகு தள்ளி உறுமுகிறவன்தான். அடுத்த அறையில் காத்திருப்பவனைக் கதவைத் திறக்கும் முன்பே காதால் கண்டுபிடித்துவிடலாம். டூம் ஆடியவர்களுக்கு இது பழகிப்போன உத்தி.

இனி அரக்கனின் காது. அது வேறொரு கோப்பில், முற்றிலும் வேறொரு முறையில் எழுதப்பட்டிருக்கிறது. நீங்கள் ஆயுதத்தை இயக்கியதும் `P_NoiseAlert` என்ற செயற்கூறு ஓடும். அது நீங்கள் நிற்கும் தளப்பகுதியில் தொடங்கி, திறப்பு உள்ள ஒவ்வொரு எல்லைக்கோட்டின் வழியாகவும் அடுத்த பகுதிக்குத் தண்ணீர் பாய்வது போலப் பாயும். மூடிய கதவில் திறப்பு இல்லை, அதனால் அங்கே நிற்கும். வரைபடம் போடுகிறவர் சில கோடுகளுக்கு "ஒலித்தடை" என்று குறி இடலாம். அப்படிப்பட்ட கோடு ஒன்றைச் சத்தம் தாண்டும், இரண்டாவதில் நின்றுவிடும். பாய்ந்த இடமெல்லாம் "இங்கே இன்னாருடைய சத்தம் கேட்டது" என்று எழுதி வைத்துவிட்டுப் போகும். அந்தப் பகுதியில் இருக்கும் அரக்கன் அதைப் படித்து விழித்துக்கொள்வான்.

தூரத்துக்கு இதில் இடமே இல்லை. வரைபடத்தின் ஒரு கோடியில் சுட்டால், இடையே எல்லாம் திறந்திருக்கும் பட்சத்தில், மறுகோடியில் இருப்பவன் எழுந்து நடக்கத் தொடங்குவான். எந்த ஆயுதம் என்பதும் கணக்கில் இல்லை. வெறும் கையால் காற்றைக் குத்தினாலும் ராக்கெட் விட்டாலும் ஒரே செய்திதான் போகிறது. காலடிச் சத்தமோ இரண்டு காதுகளுக்குமே கிடையாது. டூம் நாயகன் சத்தமில்லாமல் சறுக்கிக்கொண்டே போகிறவன்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. அரக்கனின் காது எந்த நேரத்தில் எந்த அறை விழிக்க வேண்டும் என்பதற்கான கருவி, ஆடுபவரின் காது பரபரப்புக்கானது. தேவை வேறு, அதனால் நிரலும் வேறு. ஆனால் ஒரு விளைவைக் கவனியுங்கள். "நான் இப்போது செய்யும் சத்தம் அவனுக்குக் கேட்குமா?" என்று ஆடுபவர் தன் காதை வைத்து ஊகிக்கவே முடியாது. அவருக்குக் கேட்பதும் அவனுக்குக் கேட்பதும் வெவ்வேறு இயற்பியல்.

ஐந்து வருடம் தள்ளி 1998 நவம்பருக்கு வருவோம். அந்த ஒரே மாதத்தில் இரண்டு ஆட்டங்கள் வந்தன. வால்வின் ஹாஃப்-லைஃப், லுக்கிங் கிளாஸ் ஸ்டுடியோஸின் தீஃப்: த டார்க் ப்ராஜெக்ட். இரண்டிலும் காலடிச் சத்தம் தரைக்கேற்ப மாறியது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தீஃப் செய்தது என்ன என்பது விளங்கும்.

ஹாஃப்-லைஃபின் முறை எளிமையானது. `materials.txt` என்று ஒரு உரைக்கோப்பு. ஒவ்வொரு வரியிலும் ஒரு எழுத்து, பிறகு தரைக்கு ஒட்டும் படத்தின் பெயர். M என்றால் உலோகம், D மண், V காற்றுக்குழாய், T ஓடு, W மரம், இப்படி. நடக்கும்போது காலுக்குக் கீழே நேராக ஒரு கோடு விட்டு, அது எந்தப் படத்தில் முட்டுகிறது என்று பார்ப்பார்கள். பெயரைப் பட்டியலில் தேடி எழுத்தை எடுப்பார்கள். பட்டியலில் இல்லாத பெயர் என்றால் கான்கிரீட் என்று வைத்துக்கொள்ளும். சொந்தமாக வரைபடம் செய்து புதிதாக மரப் படம் சேர்த்தவர்கள் பலர் இங்கே விழுந்திருக்கிறார்கள். கண்ணுக்குத் தேக்குப் பலகை, காதுக்குச் சிமெண்ட் தரை. பெயரின் முதல் 12 எழுத்துகளை மட்டுமே ஒப்பிடுவதால், நீளமாகப் பெயர் வைத்த இரண்டு படங்கள் ஒன்றின் சத்தத்தை மற்றொன்று வாங்கிக்கொள்வதும் நடக்கும்.

எந்த ஒலியை இயக்குவது என்பதற்கு ஒரு வரி:

```c
irand = pmove->RandomLong(0,1) + ( pmove->iStepLeft * 2 );
```

ஒரு தரைக்கு நான்கு பதிவுகள். ஒரு காலுக்கு இரண்டு, மறு காலுக்கு இரண்டு. கால் மாறி மாறி வரும், அந்தக் காலுக்குள் எது என்பது சீட்டுக் குலுக்கல். ஒரே பதிவைத் திரும்பத் திரும்ப ஒலித்தால் நாலு அடிக்குள் காது அதை இயந்திரம் என்று கண்டுபிடித்துவிடும். முழுக்கக் குலுக்கினாலும் ஒரே பதிவு இரண்டு தடவை அடுத்தடுத்து விழும். கால் மாற்றி வைப்பதால் அது நடக்காது. ஓடுக்கு மட்டும் ஐந்தாவதாக ஒரு பதிவு உண்டு, எப்போதாவது எட்டிப்பார்க்கும். சத்தத்தின் அளவும் தரைக்குத் தரை மாறும். கான்கிரீட்டில் நடந்தால் 0.2, ஓடினால் 0.5. காற்றுக்குழாயில் 0.4, 0.7.

சரி, குழாய்க்குள் தடதடவென்று போனால் எதிரிக்கு அதிகமாகக் கேட்குமா? கேட்காது. எதிரியின் காது இங்கேயும் தனிக் கோப்பு:

```cpp
iBodyVolume = pev->velocity.Length();
```

தரையில் நிற்கும்போது உங்கள் வேகம்தான் உங்கள் சத்தம். உச்சவரம்பு 512, குதித்தால் கூடுதலாக 100. அந்த எண்ணையே ஆரமாக எடுத்துக்கொண்டு, எதிரியின் காது அந்த வட்டத்துக்குள் இருக்கிறதா என்று நேர்த்தூரம் பார்க்கிறார்கள். தரை என்ன என்ற கேள்வி இல்லை, நடுவில் சுவர் உண்டா என்ற கேள்வியும் இல்லை. உலோகக் குழாயும் மண்தரையும் எதிரிக்கு ஒன்றே. டூமின் அரக்கனுக்குத் தெரிந்த சுவர்கூட இவனுக்குத் தெரியாது. தரைக்கேற்ற காலடிச் சத்தம் ஹாஃப்-லைஃபில் அலங்காரம். அற்புதமான அலங்காரம், ஆனால் அலங்காரம்தான்.

தீஃபில் நீங்கள் திருடன். வாளால் ஒருவனைச் சமாளிக்கலாம், இரண்டு பேர் வந்தால் கஷ்டம். ஆகவே ஆட்டம் முழுவதும் இரண்டே கேள்விகள்: அவன் எங்கே இருக்கிறான், நான் இங்கே இருப்பது அவனுக்குத் தெரியுமா? இதற்கு விடை காதிலிருந்து வர வேண்டும் என்றால், டூமின் இரண்டு தனித்தனிக் காதுகள் உதவாது. தலைமை நிரலாளர் டாம் லியனார்ட் 1999-ல் எழுதிய கட்டுரையில் இந்த ஏற்பாட்டை விளக்கியிருக்கிறார். காட்சிக்கான வடிவியலை ஒலிக்குப் பயன்படுத்தாமல், அறைகளும் அவற்றை இணைக்கும் வாசல்களும் மட்டும் கொண்ட இன்னொரு எளிய வரைபடத்தை ஒலிக்கென்று தனியாக வைத்தார்கள். ஒலி அந்த வாசல்கள் வழியாகவே பயணிக்கும். அதே பயணம்தான் உங்கள் ஒலிபெருக்கிக்கும் போகிறது, காவல்காரனின் காதுக்கும் போகிறது. காவல்காரனுக்குப் போகும் ஒலியில் "இது காலடி", "இது கத்திச் சண்டை", "இது சக காவலன் கூப்பிடுவது" என்று பொருளையும் ஒட்டி அனுப்பினார்கள். அவன் ஒலியைக் கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டியதில்லை, சீட்டைப் படித்தால் போதும். ஆனால் சீட்டு அவனிடம் வந்து சேருமா என்பதை முடிவு செய்வது வழியில் இருக்கும் வாசல்கள்.

ஒரு கணக்காகவே போட்டுப் பார்ப்போம். எண்கள் நான் வசதிக்காக எடுத்தவை. நீங்கள் ஒரு தாழ்வாரத்தில் சுவரை ஒட்டி நிற்கிறீர்கள். சுவருக்கு அந்தப் பக்க அறையில் ஒரு காவல்காரன். நேர்க்கோட்டில் இருவருக்கும் இடையே 3 மீட்டர். அறையின் வாசலோ தாழ்வாரத்தின் கோடியில் இருக்கிறது. அவனிடமிருந்து வாசலுக்கு 8 மீட்டர், வாசலிலிருந்து உங்களுக்கு 6. டூமின் முறையில் அவன் உங்கள் தோளருகே, சுவர் இருக்கும் பக்கம் நடக்கிறான். தீஃபின் முறையில் அவன் 14 மீட்டர் தள்ளி இருக்கிறான், சத்தம் வரும் திசை வாசல். 3-க்கும் 14-க்கும் இடையே 6 டெசிபல் விதிப்படி சுமார் 13 டெசிபல் வித்தியாசம். அதைவிடத் திசைதான் முக்கியம். எந்தப் பக்கத்திலிருந்து அவன் வெளிப்படுவான் என்று காது முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. இப்போது வாசலில் கதவு இருந்து அதைச் சாத்தினால்? ஒவ்வொரு கதவுக்கும் இவ்வளவு சதவீதம் ஒலியைத் தடுக்கும் என்று ஒரு எண் கொடுக்கலாம். நீங்கள் கதவைச் சாத்தியதும் அவன் காலடி அடங்கும், கூடவே உங்கள் காலடியும் அவனுக்கு அடங்கும்.

இது இருபக்கமும் ஒன்றாக வேலை செய்வதால்தான் தரை வகைக்கு உயிர் வந்தது. கம்பளத்தில் காலடி அமுங்கும், ஓட்டிலும் உலோகத்திலும் காட்டிக்கொடுக்கும். உங்களுக்கு உரக்கக் கேட்டால் அவனுக்கும் உரக்கக் கேட்கும் என்று நம்பலாம். அதனால் கம்பள விரிப்பு முடிந்து ஓடு தொடங்கும் இடத்தில் ஆடுபவர் தானாக நின்றுவிடுகிறார். பாசி அம்பு என்று ஒன்று உண்டு, ஓட்டின் மேல் எய்தால் மெத்தையாகப் பாசி விரியும், அதன் மேல் நடந்து போகலாம். சத்தத்தை விலை கொடுத்துக் குறைக்கும் பொருளை ஒரு ஆட்டத்தில் விற்க வேண்டுமென்றால், எதிரியின் காதில் தரைக்கு ஒரு கணக்கு இருந்தே தீர வேண்டும். ஹாஃப்-லைஃபில் அந்த அம்பை விற்றிருந்தால் யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள்.

இதற்கான விலையை வரைபடம் செய்தவர்கள் கட்டினார்கள். அறைகளின் பெட்டிகளைக் கையால்தான் போட வேண்டும். ஒரு மூலையைப் பெட்டிக்குள் சேர்க்காமல் விட்டால், ஆடுபவர் அங்கே போனதும் சத்தம் அறுந்துபோகும். இரண்டு அறைகளை அவசரத்தில் ஒரே பெட்டியாகப் போட்டால் நடுச்சுவர் ஒலிக்கு இல்லாமலே போகும், கதவைச் சாத்தினாலும் திறந்தாலும் ஒரே சத்தம். தீஃபுக்கு ரசிகர்கள் இன்றும் புது வரைபடம் செய்கிறார்கள். கதவைத் திறந்து மூடிக்கொண்டே நின்று கேட்பது அவர்களுக்கு வழக்கமான சோதனை.

இன்னொரு எல்லை அடிப்படையிலேயே இருக்கிறது. இந்த முறையில் சுவர் வழியாக ஒன்றும் வராது, வாசல் வழியாகத்தான் வரும். நிஜ வீட்டில் அப்படியா? பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் பேச்சு புரியாது, ஆனால் டம் டம் என்ற தாளம் மட்டும் கேட்கும். சுவருக்கு எடை இருக்கிறது. அதிர்வெண் இரட்டிக்கும்போது அந்த எடையை அசைப்பது கடினமாகி, ஏறக்குறைய 6 டெசிபல் கூடுதலாக இழப்பு வரும். 125 ஹெர்ட்ஸிலிருந்து 2000 ஹெர்ட்ஸ் வரை நான்கு இரட்டிப்பு, 24 டெசிபல். ஒரு காலடியில் குதிகாலின் தொம் தப்பிக்கும், செருப்பின் டக் செத்துப்போகும். ஆகவே சுவருக்குப் பின்னால் என்று காட்ட வெறுமனே வால்யூமைக் குறைத்தால் போதாது. குறைத்தால் ஆள் தூரமாகப் போய்விட்டதாகத்தான் காது நினைக்கும். மேல் அதிர்வெண்களைத் தனியாகச் செதுக்க வேண்டும்.

அந்தச் செதுக்கலைச் செய்ய வந்தவை சவுண்ட் கார்டுகள். ஆரியல் நிறுவனம் 1998-ல் கொண்டுவந்த ஏ3டி 2.0, ஆட்டத்தின் சுவர்களையே வாங்கிக்கொண்டு எதிரொலியையும் மறைப்பையும் கணக்கிடப் பார்த்தது. கிரியேட்டிவின் இஏஎக்ஸ் அவ்வளவு மெனக்கெடவில்லை. இரண்டாம் பதிப்பில் ஆட்டத்திடம் இரண்டு எண்களைக் கேட்டது. தூணுக்குப் பின்னால் ஒருவன் நிற்கிறான், அறை ஒன்றுதான் என்றால் நேராக வரும் ஒலி மட்டும் மங்கும், எதிரொலி தெளிவாகவே இருக்கும். அவன் அடுத்த அறையிலேயே இருக்கிறான் என்றால் இரண்டும் மங்கும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தது எனக்குப் பிடித்த விஷயம். ஆனால் யார் எதற்குப் பின்னால் என்று கண்டுபிடிக்கும் வேலை மறுபடி ஆட்டத்தின் தலையில் விழுந்தது. பலர் ஒற்றைக் கோடு ஒன்றை விட்டுப் பார்த்தார்கள். விளைவு: எதிரி கதவின் ஓரத்தை ஒரு அங்குலம் தாண்டியதும் சத்தம் சடக்கென்று மங்கும், திரும்பினால் சடக்கென்று தெளியும். மங்கலைக் கால் வினாடியில் மெதுவாக மாற்றினால் கொஞ்சம் மறைக்கலாம்.

இரண்டு நிறுவனங்களும் நீதிமன்றத்துக்குப் போயின. 1999 டிசம்பரில் ஆரியல் வழக்கில் வென்றது, 2000-ல் திவாலானது, அதன் சொத்துகளைக் கிரியேட்டிவே வாங்கியது. லுக்கிங் கிளாஸும் 2000 மே மாதத்தில் மூடப்பட்டது. பின்னர் விண்டோஸ் விஸ்டா வந்து டைரக்ட்சவுண்டின் வன்பொருள் வழியை எடுத்துவிட்டது. அந்த வழியை நம்பியிருந்த பழைய ஆட்டங்களில் இஏஎக்ஸ் வேலை செய்யாமல் போனது.

மிஞ்சியது வாசல்வழி யோசனை. 2015-ல் வந்த ரெயின்போ சிக்ஸ் சீஜ் அதையே எடுத்துக்கொண்டது. வீடு முழுவதும் ஒலிக்கான புள்ளிகள், அவற்றுக்கிடையே மிகக் குறைந்த தடையுள்ள வழி. இங்கே எதிரியும் மனிதர் என்பதால் இரண்டு காதுகள் என்ற பிரச்சினை பிறப்பிலேயே இல்லை, எல்லாருக்கும் ஒரே காது. புதிதாகச் சேர்ந்தது ஒன்று: சுவரை வெடி வைத்து உடைத்தால் அங்கே ஒரு வழி திறந்துகொள்ளும், காலடி அதுவரை வந்த திசையை விட்டு அந்த ஓட்டை வழியாக வரத் தொடங்கும். அந்த ஆட்டக்காரர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார், "ஆள் எனக்கு மேல் மாடியில் நிற்கிறான், சத்தம் ஜன்னலிலிருந்து வருகிறது" என்பது. மாடிப்படி சுற்று, ஜன்னல் கிட்ட. வாசல்கள் மட்டுமே தெரிந்த காது அதைத்தான் சொல்லும்.